நாலு பேரும் சேர்ந்து

என் அக்கா யாருக்கும் "சரி" என்று பதில் சொல்ல மாட்டாள். "வரும்போது உப்பு வாங்கிட்டு வா" என்றால், "வரும்போது உப்பு வாங்கிட்டு வரேன்" என்பாள். "குழாயை மூடு" என்றால் "குழாயை மூடுறேன்" என்பாள். ஒரே வீட்டில் இருப்பவளுக்கு இது எவ்வளவு எரிச்சல் என்று எனக்குத்தான் தெரியும். இந்த வீட்டுக்குக் கிளி வேறு வேண்டுமா என்று ஒருநாள் வாய்விட்டே கேட்டேன். "கிளி வேண்டாம்" என்று திருப்பிச் சொல்லிவிட்டுச் சிரித்தாள்.

அது அவளுடைய வேலையிடத்துப் பழக்கம். லிஃப்ட் பராமரிக்கும் கம்பெனி ஒன்றில் அவள் போன் எடுப்பவள். யாராவது லிஃப்ட்டுக்குள் மாட்டிக்கொண்டு மணியை அழுத்தினால் முதலில் கேட்பது அக்காவின் குரல்தான். "பயப்படாதீங்க, எங்க ஆளுங்க வந்துக்கிட்டிருக்காங்க. கதவைத் திறக்கப் பாக்காதீங்க. காத்து வரும், மூச்சு முட்டாது." மெக்கானிக் போய்ச் சேரும் வரை உள்ளே இருப்பவரோடு பேசிக்கொண்டே இருப்பாள். என்ன சமைத்தீர்கள், பிள்ளை எந்த வகுப்பு என்றெல்லாம் கேட்பாள். வெளியே வந்தபின் அவர்களில் பாதிப் பேர் அவளுக்குச் சொந்தக்காரர் மாதிரி ஆகிவிடுவார்கள்.

அந்தக் கம்பெனியில் அவளோடு ஆரம்பத்திலிருந்தே இருந்தவர்கள் மூன்று பேர். முதலாமவர் சூப்பர்வைசர். அக்காவைத் "தங்கச்சி" என்றுதான் கூப்பிடுவார். மற்ற இரண்டு பேரும் மெக்கானிக்குகள். மிக மெதுவாக நடக்கும் ஒருவருக்கு "மின்னல்" என்று பெயர். இன்னொருவருக்கு "ஒன்பது".

ஒன்பதின் பெயரில்தான் அந்த வழக்கத்தின் கதையும் இருக்கிறது. லிஃப்ட்டைப் பழுது பார்க்கும்போது ஒருவர் கூண்டின் கூரைமேல் நிற்பார். அவர் கையில் பட்டன் இருக்கும். அழுத்திப் பிடித்திருக்கும் வரை கூண்டு மெல்ல நகரும், விட்டால் நின்றுவிடும். இன்னொருவர் கீழே குழியிலோ மோட்டார் அறையிலோ இருப்பார். ஒருமுறை மேலே இருந்த மின்னல் "மேலே போகுது" என்று குரல் கொடுத்தார். மோட்டார் அறையில் ஒன்பது வேறு யாரோ கேட்ட வேறு எதற்கோ "சரி" என்றார். அந்தச் "சரி" தனக்குத்தான் என்று மின்னல் பட்டனை அழுத்திவிட்டார். கயிறு ஓடும் சக்கரத்தில் ஒன்பதின் சுண்டு விரல் போயிற்று, மிச்சம் ஒன்பது.

அன்றைக்கே சூப்பர்வைசர் "சரி"யை ஒழித்துவிட்டார். மேலே இருப்பவர் "மேலே போகுது" என்றால் மற்றவரும் "மேலே போகுது" என்று அதே சொற்களைத் திருப்பிச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் கூண்டு அசையக் கூடாது. சொல்லிவிட்டால் சொன்னவர் அதற்குப் பொறுப்பு. "நிறுத்து" என்ற ஒரு சொல்லுக்கு மட்டும் மறுமொழி வேண்டாம். யார் சொன்னாலும் பட்டனிலிருந்து கையை எடுத்துவிட வேண்டும், காரணமெல்லாம் அப்புறம். போனில் பேசும்போதும் இதே சட்டம்தான் என்பதால் அது அக்காவோடு எங்கள் சமையலறை வரை வந்து குடியேறிவிட்டது.

சூப்பர்வைசர் ஓய்வு பெற்றபோது முதலாளி அலுவலகத்தில் கேக் வெட்டிச் சால்வை போட்டு அனுப்பிவைத்தார். அது ஊருக்காக. உண்மையான பிரிவு விருந்தை அக்காவும் மெக்கானிக்குகள் இரண்டு பேரும் தனியாக ஏற்பாடு செய்திருந்தார்கள். ஒரு உணவகத்தின் மாடியில் நீளமான மேசை. ஒவ்வொருவரும் வீட்டிலிருந்து ஒருவரை அழைத்து வரலாம். அக்கா என்னைக் கூட்டிப்போனாள். விருந்தில் வாழ்த்துச் சொல்லிக் கோப்பையை உயர்த்துவது அவர்களிடையே வழக்கம். இந்த முறை வாழ்த்து அக்காவின் பொறுப்பு.

அவள் எழுதி வைத்திருந்ததைப் பார்த்ததும் எனக்குத் தலை சுற்றியது. சூப்பர்வைசரின் பிறப்பு முதல் எல்லாம் இருந்தது. நான் ரயில் நிலையத்தில் அறிவிப்புச் சொல்பவள். வண்டி கிளம்புவதற்குள் சொல்லி முடிக்க வேண்டும் என்பதுதான் என் பிழைப்பு. "இதை நீ படிச்சு முடிக்கிறதுக்குள்ள அவருக்குப் பேரன் பொறந்துடுவான்" என்று சொல்லிக் கத்தரிக்கோலை எடுத்தேன்.

"எல்லார் கோப்பையும் நிரம்பியிருக்கான்னு பாத்துட்டு எழுந்திரு. ஸ்பூனால கண்ணாடியைத் தட்டாத, எழுந்து நின்னாலே பேச்சு அடங்கிடும். யாரை வாழ்த்துறியோ அவரைப் பாத்துப் பேசு. ஒரு ஞாபகம் போதும். ஒரு விருப்பம் போதும். கடைசி வரி எல்லாரும் சேர்ந்து சொல்ற மாதிரி சின்னதா இருக்கணும். அது வர்ற வரைக்கும் கோப்பை மேசையிலயே இருக்கட்டும், இல்லன்னா கை நடுங்கி எல்லாம் சேலையில கொட்டும்."

"அவர் என்ன செய்வார்?"

"யாருக்கு வாழ்த்தோ அவர் உக்காந்தே இருக்கணும். கோப்பையைத் தொடக் கூடாது. தன்னைத்தானே வாழ்த்திக் குடிச்சா அசிங்கமில்லையா? எல்லாரும் குடிச்சப்புறம் எழுந்து நன்றி சொல்லலாம்."

"உக்காந்தே இருக்கணும், கோப்பையைத் தொடக் கூடாது" என்றாள் அக்கா.

அவளுடைய விருப்பம் என்னவென்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. நாமே ஒரு சர்வீஸ் ஆரம்பித்தால் என்ன என்று தேநீர் வேளைகளில் அவர்கள் பேசிப் பேசிப் புளித்துப்போன விஷயம்தான். எல்லோரும் சொல்வார்கள், தேநீர் ஆறியதும் பேச்சும் ஆறிவிடும். இந்த முறை எழுந்து நின்று, எல்லோர் முன்னாலும், கோப்பையை வைத்துக் கேட்டுவிடுவது என்று அவள் முடிவு செய்திருந்தாள்.

சாப்பாடு வருவதற்கு முன் எழுந்தாள். ஆரஞ்சுச் சாறு எல்லோர் முன்னாலும் இருந்தது. பேச்சு அடங்கியது.

"சார், உங்களை அனுப்பிவைக்கத்தான் கூடியிருக்கோம். எனக்கு அனுப்ப மனசில்ல. ஒருநாள் ஒரு கர்ப்பிணி லிஃப்ட்ல மாட்டிக்கிட்டா. மழை, ரோடெல்லாம் தண்ணி. வண்டியைப் போட்டுட்டு நீங்க நடந்தே போனீங்க. உங்க ஆளுங்க நிஜமாவே வராங்களான்னு அவ என்கிட்ட கேட்டுக்கிட்டே இருந்தா. வராங்கன்னு நான் தைரியமா சொன்னேன், ஏன்னா போறது நீங்க. இனிமே அந்த 'எங்க ஆளுங்க' நமக்காகவே வேலை செய்யட்டுமே. சாருக்கு இது ஓய்வா இருக்க வேண்டாம், தொடக்கமா இருக்கட்டும். நம்ம நாலு பேரும் சேர்ந்து சொந்தமா ஒரு சர்வீஸ் ஆரம்பிப்போம்." கோப்பையை எடுத்தாள். கை நடுங்கவில்லை. "சாருக்காக. நாலு பேரும் சேர்ந்து!"

சாதாரண மனிதர்களாக இருந்தால் கைதட்டியிருப்பார்கள். இவர்கள் எழுந்தார்கள். மின்னல்கூட வேகமாக எழுந்தார். "நாலு பேரும் சேர்ந்து" என்றார் மின்னல். "நாலு பேரும் சேர்ந்து" என்றார் ஒன்பது, நான்கு விரலால் கோப்பையைப் பிடித்தபடி. குடித்தார்கள். அக்காவின் முகத்தை அன்று பார்த்திருக்க வேண்டும். தாலி கட்டிய அன்றும் அவள் அப்படிச் சிவக்கவில்லை. கட்டியவனோடு அவள் வாழ்ந்த வாழ்க்கைக்கு அன்று சிவக்காதது சரியாகத்தான் இருந்தது.

சூப்பர்வைசர் வாழ்த்துப் பெறுபவர். அதனால் உட்கார்ந்தே இருந்தார், கோப்பையைத் தொடவில்லை, எதையும் திருப்பிச் சொல்லவில்லை. பிறகு எழுந்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, "தங்கச்சி நல்ல யோசனை சொல்லியிருக்கு" என்றார். அதோடு சரி. அந்த ஆளின் வாயிலிருந்து அந்தச் சொற்கள் வரவே இல்லை என்பதை இப்போது நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

சாப்பிட்டுக்கொண்டே வேலையைப் பிரித்தார்கள். லிஃப்ட்டுகளைச் சோதித்துக் கையெழுத்திடும் அரசு அங்கீகாரம் சூப்பர்வைசரிடம் இருந்தது. அது இல்லாமல் கம்பெனியே கிடையாது. புது லிஃப்ட்டுகளின் மென்பொருளுக்குத் தயாரித்தவர்களே பூட்டுப் போட்டிருப்பார்கள், அவற்றைத் தொட வேண்டாம். உதிரிப் பாகம் வெளியே கிடைக்கும் பழைய லிஃப்ட்டுகளை மட்டும் எடுத்துக்கொள்வோம் என்றார் மின்னல். விபத்துக் காப்பீடு எடுக்காமல் எந்தக் கட்டடமும் ஒப்பந்தம் போடாது என்றார் ஒன்பது. பிறகு முக்கியமான சிக்கல் வந்தது. வேலையை விட்டபின் ஒரு வருடத்துக்குக் கம்பெனியின் வாடிக்கையாளர்களை அணுக மாட்டோம் என்று சூப்பர்வைசரும் மெக்கானிக்குகளும் வேலையில் சேரும்போதே கையெழுத்துப் போட்டிருந்தார்கள். போன் எடுப்பவளிடம் அப்படி ஒன்றையும் யாரும் வாங்கவில்லை. போன் எடுப்பவள் என்ன செய்துவிடப் போகிறாள் என்ற நினைப்புதான்.

"அப்போ நான்தான் முதல்ல வெளிய வரணும்" என்றாள் அக்கா.

"தங்கச்சிதான் முதல்ல வெளிய வரணும்" என்றார் சூப்பர்வைசர். இதை மட்டும் அழகாகத் திருப்பிச் சொன்னார்.

அடுத்த வாரமே அக்கா ராஜினாமா செய்தாள். இந்த வயதில் போன வேலை திரும்பி வராது என்று தலைபாடாக அடித்துக்கொண்டேன். "திருப்பிச் சொல்லியிருக்காங்கடி" என்றாள். அவளுக்கு அதற்கு மேல் பத்திரம் எதுவும் தேவைப்படவில்லை.

பிறகு ஒவ்வொரு கட்டடமாக ஏறி இறங்கினாள். குடியிருப்புச் சங்கத்துச் செயலாளர்களைப் பார்த்தாள். மருத்துவமனை, அலுவலகம் நடத்துபவர்களையும் பார்த்தாள். "இப்போ கையெழுத்து வேண்டாம். உங்க ஒப்பந்தம் முடியட்டும். முடிஞ்சதும் எங்களை ஒருதடவை யோசிங்க" என்பாள். கால்முட்டி வீங்கிப்போய் வருவாள். நான் வெந்நீர் ஒத்தடம் கொடுப்பேன். ஒரு செயலாளர் அம்மா, மொட்டை மாடி நிறையச் செடி வளர்ப்பவர், மூன்று முறை லிஃப்ட்டில் மாட்டி அக்காவோடு பேசியவர். அவர் கேட்டது ஒன்றுதான்: "நான் மணி அடிச்சா நீதானே எடுப்பே? நீ இருப்பேல்ல?" "நான் இருப்பேன்" என்று அக்கா வாக்குக் கொடுத்துவிட்டு வந்தாள். பெரும்பாலும் எல்லோரும் அதையே கேட்டார்கள். எல்லோருக்கும் அதையே சொன்னாள்.

மெக்கானிக்குகளும் விலகினார்கள். கடைத்தெருவுக்குப் பின்னால் ஒரு அறை வாடகைக்குப் பிடித்தாயிற்று என்று கேள்விப்பட்டு, போன் எங்கே வைக்கலாம் என்று பார்க்க அக்கா ஒரு காலையில் போனாள். நானும் போனேன். உள்ளே சூப்பர்வைசரின் மருமகன் நாடாவைப் பிடித்து ஜன்னலை அளந்துகொண்டிருந்தான். அவன் திரைச்சீலை வியாபாரி. மாமனாருக்கு உதவுகிறான் போலிருக்கிறது, நல்ல பிள்ளை என்று நான் நினைத்தேன்.

"வாங்க அக்கா. உங்க மேசை அந்த மூலையில" என்றான். "சம்பளம் பத்தி மாமா உங்ககிட்ட பேசுவார்."

"சம்பளமா?"

"ஆமா. கம்பெனி பதிவாயிடுச்சே. மாமா, நான், மெக்கானிக் அண்ணன் ரெண்டு பேர். நாலு பங்கு."

அக்கா சுவரில் போன் கம்பிக்காகப் போட்டிருந்த ஓட்டையையே பார்த்துக்கொண்டு நின்றாள். நான்தான் பொரிந்து தள்ளினேன். அந்தப் பையன் நாடாவைச் சுருட்டிக்கொண்டு மாமனாருக்குப் போன் போட்டான்.

சூப்பர்வைசர் வந்தார், பின்னாலேயே மெக்கானிக்குகள். "தங்கச்சி, காப்பீட்டுக்கு முன்பணம் கட்ட வேண்டியிருந்தது, மாப்பிள்ளை போட்டார். அதோட பங்குதாரர் எல்லாம் டெக்னிக்கல் ஆளா இருந்தாதான் அனுமதி தருவாங்களாம்."

"திரைச்சீலை டெக்னிக்கலா?" என்றேன் நான்.

அவர் என்னைக் கண்டுகொள்ளவில்லை. "பங்கு, கையெழுத்து, இதெல்லாம் தலைவலி. அதுல உன்னை ஏன் மாட்டிவிடணும்? நீ எப்பவும் போல போன் எடு. நிம்மதியா இரு."

அக்கா மெக்கானிக்குகள் பக்கம் திரும்பினாள். "நீங்க ரெண்டு பேரும் திருப்பிச் சொன்னீங்களே."

ஒன்பது தன் செருப்பைப் பார்த்தார். மின்னல்தான் பேசினார். "அது விருந்துல சொன்னது அக்கா. கூண்டு மேல நின்னு சொன்னதா என்ன?"

வீடு திரும்பும்வரை அக்கா அழவில்லை. வந்ததும் குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு உள்ளே இருந்தாள். நான் "குழாயை மூடு" என்று சொல்லவில்லை. பணமும் பங்கும் போனதுகூட அவளை அவ்வளவு உலுக்கவில்லை என்று நினைக்கிறேன். திருப்பிச் சொல்லும் சொல்லுக்கு இரண்டு இடம் உண்டு, ஓரிடத்தில் செல்லும், இன்னோரிடத்தில் செல்லாது என்பது இத்தனை வருடத்தில் அவளுக்கு மட்டும்தான் தெரிந்திருக்கவில்லை. அவள் தொண்டைக்குழிக்குள் கையை விட்டு அவர்களைத் துரோகிகள் என்று திட்டவைக்க எனக்கு ஆசை. அவள் திட்டவில்லை.

தொடக்க விருந்துக்கு அழைப்பு வந்தது. அதே மாடி, அதே மேசை. சூப்பர்வைசரே போன் செய்து, "நீ வந்தாதான் தங்கச்சி நல்லாயிருக்கும். செயலாளர்கள் எல்லாரும் உன்னைத்தான் கேக்குறாங்க" என்றார். உண்மையைத் தவறுதலாகச் சொல்லிவிட்டார். போனால் காலை உடைப்பேன் என்றேன். "போறேன்" என்றாள். உடை மாற்றிக்கொண்டு நானும் கிளம்பினேன். அவளைத் தனியாக அந்த ஓநாய்க் கூட்டத்தில் விட எனக்கு மனமில்லை.

அக்காவை மேசையின் நடுவில் உட்காரவைத்தார்கள். சுற்றிலும் செயலாளர்கள். செடி வளர்க்கும் அம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. சாறு ஊற்றியானதும் சூப்பர்வைசர் எழுந்தார். ஸ்பூனால் கண்ணாடியைத் தட்டினார்.

"இந்தக் கம்பெனி பிறந்தது இதே மேசையில. என் தங்கச்சி சொன்ன ஒரு வார்த்தையில. இன்னிக்கு அந்த வார்த்தை நிறைவேறிடுச்சு. யோசனை தந்த தங்கச்சிக்கு நாங்க என்னிக்கும் நன்றியோட இருப்போம். தங்கச்சிக்காக எல்லாரும் கோப்பையை எடுங்க."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. வாழ்த்து அவளுக்கு. வாழ்த்துப் பெறுபவர் உட்கார்ந்தே இருக்க வேண்டும், கோப்பையைத் தொடக் கூடாது, வாயைத் திறக்கக் கூடாது. மாலை போட்டு மூலையில் உட்காரவைக்க இதைவிட மரியாதையான வழி கிடையாது. மேசை முழுவதும் கோப்பைகள் உயர்ந்தன. மருமகனும் எழுந்தான், நாலாவது ஆளாக.

"நாலு பேரும் சேர்ந்து!" என்றார் சூப்பர்வைசர். இப்போது சொன்னார்.

"நிறுத்து" என்றாள் அக்கா.

சத்தமாகக்கூடச் சொல்லவில்லை. போனில் பேசும் குரல்தான். ஆனால் ஒன்பதின் கை அந்தக் கணமே கீழே இறங்கிவிட்டது. மேசையில் கோப்பை வைத்த சத்தம் கேட்டது. மின்னலின் கை பாதியில் நின்று, அதுவும் இறங்கியது. பழக்கம் மனிதனைவிட யோக்கியமானது போலும். சூப்பர்வைசரின் கோப்பை மட்டும் வாய்க்குப் பக்கத்தில் நின்றது. பிறகு அவரும் கீழே வைத்தார், அவர் போட்ட சட்டம் அல்லவா.

"ஏம்மா, என்னாச்சு?" என்றார் செடி அம்மா.

அக்கா எழுந்து நின்றாள். செயலாளர்களை ஒவ்வொருவராகப் பார்த்துப் பேசினாள். "உங்க வீட்டுக்கெல்லாம் வந்து, நீங்க மணி அடிச்சா நான் இருப்பேன்னு சொன்னேன். நாங்க நாலு பேர்னு சொன்னேன். அந்த நாலுல நான் இல்ல. போனும் எடுக்கப் போறதில்ல. இவங்க வேலையில குறை கிடையாது, நல்லா செய்வாங்க. இவங்களை வச்சுக்கிறதும் வேண்டாங்கிறதும் உங்க இஷ்டம். ஆனா நான் சொன்ன சொல்லை நானே வந்து திரும்ப வாங்கிக்கணும், அதுக்குத்தான் வந்தேன்."

கைப்பையை எடுத்துக்கொண்டாள். படியிறங்கும்போது முட்டி வலிக்கிறது என்று என் தோளைப் பிடித்துக்கொண்டாள். அவ்வளவுதான்.

அந்தப் புதுக் கம்பெனி இன்றும் இருக்கிறது, சில கட்டடங்களோடு. செடி அம்மாவும் இன்னும் சிலரும் பழைய கம்பெனியிலேயே இருந்துவிட்டார்கள். அக்காவுக்குக் கொஞ்ச காலம் வேலை இல்லை. இப்போது ஒரு பல் மருத்துவரிடம் நேரம் குறித்துக் கொடுக்கிறாள். பல்வலிக்காரர்களிடமும் பிள்ளை எந்த வகுப்பு என்று கேட்கிறாள். அவர்களால் பதில்தான் சொல்ல முடிவதில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை எங்கள் அடுக்குமாடி வீட்டு வாசலில் ஒன்பது வந்து நின்றார். கையில் பழப்பை. உள்ளே வரச் சொல்லியும் வரவில்லை.

"என்னால எதுத்துப் பேச முடியல அக்கா. பிள்ளைங்க படிப்பு இருக்கு" என்றார். பையை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினார். "அன்னிக்கு நான் செஞ்சது துரோகம்தான். மனசுல வச்சுக்காதீங்க."

நான் அக்காவைப் பார்த்தேன். "மனசுல வச்சுக்கல" என்று திருப்பிச் சொல்லிவிடுவாளோ என்று பயமாக இருந்தது. அவள் மனசு எனக்குத் தெரியும், இளகிவிடும்.

அக்கா அவர் முகத்தை நிமிர்ந்து பார்த்தாள்.

"சரி" என்றாள்.

ஒன்பதின் முகம் இருண்டுவிட்டது. பையை வாசலிலேயே வைத்துவிட்டு, லிஃப்ட்டைக் கூப்பிடாமல் படியிறங்கிப் போனார்.